முதல் கார்டும் கடைசி கார்டும்

கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது

எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்காங்க. கொஞ்சம் கூடப் போனால் மணி அடிச்சிடாதீங்க.

போன ஜூன் மாதக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுத இருந்தோம். "மரத்தக்காளி ஊறுகாயை ஆன்லைன் விளம்பரத்தில் இருந்து எடுத்துவிடலாம்" என்று. மினிட்ஸ் நோட்டு என் கையில்தான் இருந்தது, பேனாவையும் திறந்தாச்சு. அந்த ஊறுகாய் போடுகிற குழுவில் 12 பேர். அதில் நாலு பேருக்கு இனிமேல் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போக முடியாது, முட்டி வலி. அவங்க பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாங்க, ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கு அப்படிக் காட்டுதுன்னா என்ன பேச முடியும்? அந்தத் தீர்மானத்தை நான் ஏன் எழுதவில்லை, அந்தக் கணக்கில் என்ன கோளாறு இருந்தது, அதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் விளம்பரத்தைப் பற்றி. நம்ம கூட்டமைப்பு பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவது கேரசல் விளம்பரம். ஒரே விளம்பரத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் கார்டு கார்டாகப் படங்கள் இருக்கும், விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். 2 கார்டில் இருந்து 10 கார்டு வரைக்கும் வைக்கலாம். ஒவ்வொரு கார்டுக்கும் தனிப் படம், தனித் தலைப்பு, தனி லிங்க். கேரசல் என்றால் ராட்டினமாம், என் பையன் சொன்னான். ஆனால் திருவிழா ராட்டினத்தில் எல்லாக் குதிரையும் ஒரு சுற்றிலாவது நம்ம முன்னாடி வரும். இதில் அப்படி வராது. பார்க்கிறவர் விரலை நகர்த்தினால்தான் இரண்டாவது வரும், இன்னும் நகர்த்தினால்தான் மூன்றாவது.

நம்ம விளம்பரத்தில் ஐந்து குழுவின் பொருள் ஐந்து கார்டு. முதலில் சாக்லேட், அடுத்து தேயிலைத் தூள், வர்க்கி, நீலகிரித் தைலம், கடைசியில் மரத்தக்காளி ஊறுகாய். இந்த வரிசை யாரும் யோசித்து வைத்ததில்லை. எந்தக் குழு போட்டோவை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியதோ, அது முதல் கார்டு. ஊறுகாய்க் குழு அக்காமார் போட்டோவைக் கடைசியாகத்தான் அனுப்பினாங்க, அந்த வாரம் அவங்க வீட்டில் ஒரு துக்கம்.

ஒரு நாளைக்கு 150 ரூபாய் வைத்து ஒரு வாரம் ஓட்டினோம். சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஜனங்களுக்குக் காட்டினது. மொத்தம் 210 கிளிக். அதில் சாக்லேட்டுக்கு 142, தேயிலைக்கு 31, வர்க்கிக்கு 19, தைலத்துக்கு 11, ஊறுகாய்க்கு 7. கூட்டத்தில் இதைப் படித்ததும் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான். சாக்லேட் போகுது, ஊறுகாய் போகலை, ஊறுகாய் இடத்தில் இன்னொரு சாக்லேட் வைப்போம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோணுச்சு, பொய் சொல்லக் கூடாது.

பேனாவை மூட வைத்தது பர்லியார்தான். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாரில் வரிசையாகப் பழக்கடை இருக்கும், எல்லோரும் பார்த்திருப்பீங்க. மேலே ஏறி வருகிற வண்டி நின்றால், இறங்கினவங்க கண்ணில் படுகிற முதல் கடையில்தான் கூட்டம். கீழே இறங்கிப் போகிற வண்டி நின்றால், அந்தப் பக்கத்துக் கோடிக் கடையில் கூட்டம். இரண்டு கடையிலும் ஒரே மங்குஸ்தான்தான், ஒரே விலைதான். ஏறுகிற வண்டியை மட்டும் எண்ணிவிட்டு கோடிக் கடைக்காரருக்கு வியாபாரமே தெரியாது என்று சொன்னால் அது நியாயமா? நம்ம விளம்பரத்தில் ஏறுகிற வண்டி மட்டும்தான் ஓடியிருக்கு, இறங்குகிற வண்டி ஓடவே இல்லை. இதைச் சொன்னேன். தலைவி அக்கா, "சரி, அடுத்த கூட்டம் வரைக்கும் தீர்மானம் வேண்டாம், நீயே பார்த்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டாங்க. வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

இது நம்ம ஊர்ச் சந்தேகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் நோட்ரடாம் என்று ஒரு பல்கலைக்கழகம். அதன் இணையதள முகப்பில் இதே மாதிரி தள்ளிப் பார்க்கிற ஐந்து செய்தி வைத்திருந்தாங்க. அங்கே வேலை பார்த்த எரிக் ரன்யன் என்பவர் எந்தச் செய்தியை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று எண்ணி 2013இல் வெளியிட்டார். வந்தவர்களில் 100க்கு ஒருத்தர்தான் எதையாவது தொட்டிருக்காங்க. தொட்டதில் 100க்கு 84 முதல் இடத்துச் செய்திக்கு. மீதி நாலு இடத்துக்கும் ஆளுக்கு 4 மாதிரி. அது விளம்பரம் இல்லை, பெரிய கணினித் திரையும் உண்டு, அதனால் அந்த 84 நமக்கும் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் முதல் இடம் என்பது தனியாக ஒரு சாமான் மாதிரி, அதற்கே ஒரு விலை இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

இப்போ கணக்குப் பார்க்கிற இடத்துக்கு வருகிறேன். `Ads Manager` திறந்து, விளம்பரத்தைத் தேர்வு செய்து, `Breakdown` என்ற பட்டியலில் `Carousel card` என்பதைத் தொட்டால் கார்டு வாரியாக `Link clicks` பிரித்துக் காட்டும். `Clicks (all)` என்று இன்னொரு கட்டம் இருக்கும். அதில் லைக் போட்டது, கமெண்டைத் திறந்தது எல்லாம் சேர்ந்துவிடும், அதை எடுக்காதீங்க. கார்டை அதன் தலைப்பை வைத்துத்தான் காட்டும். நாங்க முதலில் ஐந்து கார்டுக்கும் "நீலகிரி மகளிர் தயாரிப்பு" என்று ஒரே தலைப்புப் போட்டிருந்தோம். எது எது என்று கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போச்சு.

முக்கியமானது இனிமேல்தான். இந்தக் கார்டு வாரிக் கணக்கு கிளிக்கைச் சொல்லும். அந்தக் கார்டை எத்தனை பேர் கண்ணால் பார்த்தார்கள் என்று சொல்லாது. விளம்பரம் முழுவதும் எத்தனை தடவை காட்டப்பட்டது என்பது உண்டு, கார்டு வாரியாக இல்லை. ஊறுகாய்க்கு 7 கிளிக் என்றால், 1,000 பேர் பார்த்து 7 பேர் தொட்டாங்களா, இல்லை ஐந்தாவது வரைக்கும் தள்ளிப் பார்த்ததே 40 பேர்தான், அதில் 7 பேர் தொட்டாங்களா? முதலாவது என்றால் ஊறுகாய் தோற்றது. இரண்டாவது என்றால் ஊறுகாய் மாதிரி ஓடுகிற பொருளே இல்லை. 7 என்ற எண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அடுத்து ஒன்று பார்த்தேன், அதில்தான் நெஞ்சு திக்கென்றது. விளம்பரம் போடுகிற பக்கத்தில், நல்லா ஓடுகிற கார்டைத் தானாகவே முன்னாடி காட்டு என்று ஒரு டிக் இருக்கிறது. எங்களுடையதில் அது போட்டபடியே இருந்தது. நாங்கதான் கவனிக்கவில்லை. அது போட்டிருந்தால் நாம வைத்த வரிசை நிற்காது. முதல் நாள் சாக்லேட் முதலில் இருந்ததால் அதற்கு நாலு கிளிக் கூட விழும். அந்த நாலைப் பார்த்து மெஷின் சாக்லேட்தான் நல்லது என்று இன்னும் அதிகம் பேருக்கு அதையே முதலில் வைக்கும். அதனால் இன்னும் கிளிக் விழும். கடன் கொடுக்கிறவங்க ஏற்கெனவே வசதி இருக்கிற வீட்டுக்கே திரும்பத் திரும்பக் கொடுக்கிற மாதிரி. விற்பனை மட்டும் பார்க்கிறவங்களுக்கு அந்த டிக் நல்லதுதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருள் நல்லது என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அதை எடுத்துவிட வேண்டும். அது இருக்கும்போது வந்த 210 கணக்கை வைத்து யாரையும் நீக்க முடியாது.

டிக்கை எடுத்தோம். பிறகு, நெசவுக்காரர் நூல் மாற்றுகிற மாதிரி, வாரம் ஒரு வரிசை. முதல் வாரம் பழைய வரிசையே. இரண்டாவது வாரம் முதலில் இருந்த சாக்லேட்டை எடுத்துக் கடைசியில் வைத்தோம், மற்றதெல்லாம் ஒரு படி முன்னால் வந்தது. மூன்றாவது வாரம் தேயிலையை எடுத்துக் கடைசியில். இப்படி ஐந்து வாரம் ஓடினால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாரம் இருந்துவிடும். நாலு நாள், ஐந்து நாள் என்று வைக்காமல் முழு வாரம் வைத்தது ஏன் என்றால், ஞாயிற்றுக்கிழமை கிளிக் வேறு, செவ்வாய்க்கிழமை கிளிக் வேறு. எல்லா வரிசைக்கும் ஒரு ஞாயிறு கிடைக்க வேண்டும்.

ஐந்து விளம்பரத்தையும் ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒரே வாரத்தில் முடிந்துவிடுமே என்று செயலாளர் அக்கா கேட்டாங்க. ஒரே தொகுப்பில் ஐந்தையும் போட்டால் மெஷின் எல்லாவற்றுக்கும் சமமாகப் பணம் பிரிக்காது, ஒன்றிரண்டுக்கே அள்ளிக் கொடுத்துவிடும். சமமாகப் பிரிக்கச் சொல்லி ஓட்டுகிற `A/B test` உண்டு, ஆனால் நம்ம 150 ரூபாயை ஐந்தாகப் பிரித்தால் ஒன்றுக்கு 30 ரூபாய். அதில் என்ன தெரியும்?

இன்னொரு விஷயம், ஓடுகிற விளம்பரத்தைத் திறந்து வரிசையை மாற்றாதீங்க. பழைய கணக்கும் புதுக் கணக்கும் கலந்துவிடும். நகல் எடுத்து, `W1`, `W2` என்று பெயர் வைத்து, பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை ஓட்டினோம். படம், எழுத்து, விலை, ஊர், பணம் எதையும் மாற்றவில்லை. இரண்டாவது வாரத்தில் வர்க்கிக் குழுத் தங்கச்சி புதுப் போட்டோ ஒன்று அழகா எடுத்து அனுப்பினாள். மாற்ற மாட்டேன் என்று சொன்னேன். மூணு நாள் என்னோடு பேசவில்லை.

ஐந்து வாரக் கிளிக் இதுதான். மேடையில் சார்ட்டில் ஒட்டிக் காட்டினேன், மலரில் அப்படியே போடச் சொல்லியிருக்கேன்.

| பொருள் | 1ஆம் இடத்தில் | 2இல் | 3இல் | 4இல் | 5இல் | மொத்தம் |
|---|---|---|---|---|---|---|
| சாக்லேட் | 118 | 33 | 15 | 17 | 16 | 199 |
| தேயிலை | 84 | 29 | 17 | 9 | 11 | 150 |
| வர்க்கி | 131 | 37 | 24 | 18 | 12 | 222 |
| தைலம் | 46 | 14 | 10 | 8 | 6 | 84 |
| ஊறுகாய் | 109 | 24 | 22 | 15 | 13 | 183 |
| மொத்தம் | 488 | 137 | 88 | 67 | 58 | 838 |

முதலில் கீழ் வரியைப் பாருங்க. எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, 838 கிளிக்கில் 488 முதல் இடத்துக்கு. 100க்கு 58. ஐந்தாவது இடத்துக்கு 100க்கு 7. இது பொருளோட குணம் இல்லை, இடத்தோட குணம். காரணமும் போனைப் பார்த்தாலே தெரியும். பேஸ்புக்கில் முதல் கார்டு முழுசாகத் தெரியும், இரண்டாவது ஓரம் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். மூன்றாவதும் நாலாவதும் இருப்பதே பலருக்குத் தெரியாது.

இப்போ வலது ஓரத்து மொத்தத்தைப் பாருங்க. எல்லாப் பொருளும் எல்லா இடத்திலும் இருந்தாச்சு, அதனால் இந்த மொத்தத்தை ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம். பழைய கணக்கில் சாக்லேட்டுக்கு ஊறுகாயைப் போல 20 மடங்கு கிளிக். இப்போ சாக்லேட் 199, ஊறுகாய் 183. சாக்லேட் முதலிடத்தில் வாங்கினது 118, ஊறுகாய் அதே இடத்தில் 109. இவ்வளவுதான் வித்தியாசம். முதல் நம்பர் சாக்லேட்டே இல்லை, வர்க்கி. 12 பேரையும் நீக்க இருந்தோமே என்று அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில் நிற்பது தைலம். பழைய கணக்கில் தைலத்துக்கு 11, ஊறுகாய்க்கு 7, அதனால் தைலம் தப்பித்துக்கொண்டது. நாலாவது இடத்தில் இருந்ததால் தப்பித்தது. முதலிடத்திலேயே வைத்தாலும் அதற்கு 46தான். முதல் கார்டு கிளிக்கை எல்லாம் அள்ளிக்கொண்டால், பின்னால் நல்லது இருந்தாலும் தெரியாது, மெலிந்தது இருந்தாலும் தெரியாது. இரண்டும் அதே சின்ன எண்ணாகத்தான் தெரியும்.

தைலம் முதலில் இருந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. அந்த வாரம் ஐந்து கார்டும் சேர்ந்தே 106 கிளிக்தான், மற்ற வாரங்களில் 162க்குக் குறையவில்லை. இரண்டாவது இடத்துக்கு வந்த ஊறுகாய்க்கும் அந்த வாரம் 24தான் கிடைத்தது. முதல் படம் விரலை நிறுத்தவில்லை என்றால் பின்னால் இருப்பவங்களுக்கும் ஆள் வராது. இல்லை, அந்த வாரமே மோசமான வாரமோ? அந்தச் சந்தேகத்தோடு விடக் கூடாது என்று ஆறாவது வாரமும் தைலத்தையே முதலில் வைத்து ஓட்டினோம். மொத்தம் 111. அப்போதான் வாரத்தோட குற்றம் இல்லை என்று தெளிவாச்சு. தலைவி அக்கா இந்த ஆறாவது வாரத்துக்கு 1,050 ரூபாய் ஒதுக்கும்போது முகம் அவ்வளவு நல்லா இல்லை. ஒதுக்கினாங்க, அது போதும்.

"அப்போ தைலத்தை எடுத்துவிடலாமா?" என்று அடுத்த கூட்டத்தில் கேள்வி வந்தது. ஊறுகாய்க்குப் பதில் தைலம், அவ்வளவுதானே? அங்கேதான் இரண்டாவது கணக்கு தேவைப்பட்டது. கிளிக் பண்ணினவங்க எல்லோரும் வாங்குவதில்லை. ஒவ்வொரு கார்டின் லிங்கும் நம்ம வாட்ஸ்அப்பைத் திறக்கும், அதில் ஒரு குறிச்சொல் முன்னாடியே எழுதி வைத்திருந்தோம். இப்படி:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=OORUGAI-W3
```

வாடிக்கையாளர் அனுப்பு என்று தொட்டால், எந்தக் கார்டில் இருந்து, எந்த வாரம் வந்தார் என்று நமக்குத் தெரிந்துவிடும். சிலர் அதை அழித்துவிட்டு "என்ன விலை" என்று எழுதுவாங்க. அவங்களிடம் "எந்தப் படத்தைப் பார்த்து வந்தீங்க" என்று கேட்டு நோட்டில் எழுதினோம்.

ஐந்து வாரத்தில் 53 ஆர்டர். வந்த கார்டை வைத்துப் பிரித்தால் ஊறுகாய் 13, தேயிலை 12, தைலம் 11, சாக்லேட் 9, வர்க்கி 8. தைலத்தின் 84 கிளிக்கில் 11 பேர் வாங்கியிருக்காங்க. வர்க்கியின் 222 கிளிக்கில் 8 பேர். தைலம் தேவைப்படுகிறவங்க மட்டும்தான் அதைத் தொடுகிறாங்க, தொட்டால் வாங்குகிறாங்க. வர்க்கி, ஊட்டிக்கு ஒரு தடவை வந்து போன எல்லோருக்கும் ஞாபகம் வரும், தொட்டுப் பார்ப்பாங்க, கூரியர் செலவைக் கேட்டதும், நொறுங்கிடுமே என்று யோசித்ததும் விட்டுவிடுவாங்க. அந்த 8 பேரிலும் 5 பேர் கடைசியில் வாங்கினது தேயிலைத் தூள். வர்க்கிக் குழுவிடம் இதைச் சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அவங்க வர்க்கி பின்னால் வரும் கார்டுகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது, அதுவும் உண்மை.

இந்த ஆர்டர் எண்ணை வைத்து எது வரைக்கும் பேசலாம் என்பதில் கவனமாக இருக்கணும். 13, 12, 11, 9 இந்த நாலுக்கும் நடுவில் வித்தியாசம் இருக்கு என்று சொல்லவே முடியாது. ஒரு ரூபாய்க் காசைப் பத்து தடவை சுண்டினால் சில சமயம் ஏழு தடவை தலை விழும், அதற்காகக் காசு கோணல் என்று சொல்வோமா? மதுரையில் ஒரு அக்கா தன் அண்ணி, நாத்தனார் எல்லோருக்கும் லிங்கை அனுப்பினால் போதும், 9 என்பது 12 ஆகிவிடும். ஆனால் 84இல் 11 என்பதும் 222இல் 8 என்பதும் அப்படி இல்லை, அந்த இடைவெளி பெரியது. கிளிக்கிலும் அப்படியே. வர்க்கி 222, தைலம் 84 என்பது நம்பலாம். சாக்லேட் 199, ஊறுகாய் 183 என்பதில் யார் பெரியவர் என்று சண்டை போட வேண்டாம்.

நாங்க செய்த முறையில் ஒரு ஓட்டையும் உண்டு, அதை மறைக்கவில்லை. முதல் கார்டை எடுத்துக் கடைசியில் வைக்கிற முறையில் பக்கத்துப் பக்கத்துக் கார்டு பெரும்பாலும் மாறுவதே இல்லை. ஊறுகாய்க்கு முன்னால் எப்போதும் தைலம்தான் நின்றது, ஊறுகாய் முதலிடத்துக்கு வந்த வாரம் தவிர. தைலப் பாட்டிலைப் பார்த்த கண்ணுக்கு அடுத்து ஊறுகாய் என்றால் நாக்கு ஊறுமா? ஊறுகாய்க்கு அதனால் கொஞ்சம் நஷ்டம் ஆகியிருக்கலாம். அடுத்த தடவை பக்கத்து ஆளையும் மாற்றிக் கலைத்து வைக்கணும்.

கேட்டலாக் விளம்பரம் பற்றியும் கேட்டாங்க. சில குழுக்கள் இப்போ 20, 30 பொருளை கேட்டலாக்கில் ஏற்றி, அதில் இருந்து விளம்பரம் போடுகிறாங்க. அதில் வரிசையை நாம வைப்பதே இல்லை. பார்க்கிற ஒவ்வொருத்தருக்கும் எந்தப் பொருளை முதலில் காட்டுவது என்று மெஷினே முடிவு பண்ணும். எனவே இடத்தை மாற்றிப் பார்க்கிற இந்த முறை அங்கே நடக்காது. ஆனால் அங்கே ஒரு வசதி உண்டு. `Breakdown` பட்டியலில் `Product ID` என்பதைத் தேர்ந்தால், பொருள் வாரியாக எத்தனை தடவை காட்டினது என்பதும் வரும். அதனால் கிளிக்கைப் பார்ப்பதற்கு முன்னால் காட்டின கணக்கைப் பாருங்க. 30 பொருளில் நாலைந்து பொருளையே பெரும்பாலும் காட்டியிருக்கும், சிலது கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் காட்டியிருக்கும். காட்டாத பொருளைப் பிடிக்காத பொருள் என்று எழுதிவிடாதீங்க. அந்தக் காட்டாத பொருள்களை மட்டும் தனித் தொகுப்பாகச் சேர்த்து, கொஞ்சம் பணம் வைத்துத் தனியாக ஓட்டிப் பாருங்க. அதிலும் யாரும் தொடவில்லை என்றால் அப்போது பேசலாம். இன்னொன்று, அந்தப் பட்டியலில் பொருளுக்கு நேராக விற்பனை என்று காட்டினாலும், அது அந்தப் பொருளே விற்றது என்று அர்த்தம் ஆகாது. வர்க்கியைத் தொட்டு வந்து தேயிலை வாங்கினாங்களே, அந்த மாதிரி விற்பனையும் வர்க்கி பெயரில் வந்து உட்காரும். எது உண்மையில் போனது என்பதற்கு நம்ம பார்சல் நோட்டுதான் கணக்கு.

இப்போ நம்ம விளம்பரம் எப்படி ஓடுது என்று சொல்லி முடிக்கிறேன். யாரையும் நீக்கவில்லை. முதல் இடம் வர்க்கிக்கும் ஊறுகாய்க்கும் சாக்லேட்டுக்கும் மாதத்துக்கு ஒன்றாக முறை வைத்து வருகிறது, தண்ணீர் முறை வைக்கிற மாதிரி. தைலத்தை முதலில் வைப்பதில்லை, அந்தக் குழுவே ஒத்துக்கொண்டது. அதற்குப் பதில் தைலத்துக்குத் தனியாக ஒரே படத்தில் ஒரு விளம்பரம், மழை மாதங்களில் மட்டும். ஊறுகாய்க் கார்டின் தலைப்பில் "மரத்தக்காளி" என்பதைப் பெரிதாக்கியிருக்கோம், ஏனென்றால் கீழே இருந்து வருகிற மெசேஜில் பாதி "இது என்ன பழம்?" என்றுதான் ஆரம்பிக்கிறது. வர்க்கிக்கு நொறுங்காத டப்பா கிடைத்தால் அந்த 222இல் எத்தனை பேர் வாங்குவாங்க என்று பார்க்கணும். டப்பா விலை கேட்டு வைத்திருக்கோம், அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பொருள். எந்தக் குழுவாவது தங்கள் விளம்பரத்தை இப்படி மாற்றி ஓட்டிப் பார்க்க நினைத்தால், கோடு போட்ட நோட்டும் ஐந்து வாரக் கணக்கும் என்னிடம் இருக்கு, கூட்டமைப்பு ஆபீசில் வந்து வாங்கிக்குங்க.